கடலூர் பக்கம் 10 ஏக்கர்ல ஒரு சின்ன காலேஜ்: கேம்பஸ் பிளான் பத்தி அடிக்கடி கேக்கற கேள்விகள்

மனை வாங்கியாச்சு, 10 ஏக்கர். கட்டடத்தை எந்த இடத்துல வைக்கறதுன்னு எப்படி முடிவு பண்றது?

கட்டடம் எங்க வரவே கூடாதுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க, மிச்சம் தானா தெரிஞ்சிடும். நம்ம கடலூர், புதுச்சேரி பக்கம் அந்த முடிவை எடுக்கறது தண்ணிதான். இங்க வருஷத்து மழையில பாதிக்கு மேல ஐப்பசி கார்த்திகையிலயே கொட்டித் தீர்த்துடுது, அதுவும் புயல் வந்தா ஒரே நாள்ல வந்துடுது. அதனால சித்திரை வெயில்ல போய் மனையைப் பாத்துட்டு எல்லாம் சமமா மேடாத்தான் இருக்குன்னு நம்பிடாதீங்க, கண்ணுக்கு ஒரு மீட்டர் சரிவு தெரியவே தெரியாது.

லெவல் சர்வே எடுங்க, கால் மீட்டர் உயரத்துக்கு ஒரு கான்டூர் கோடு, அதாவது ஒரே மட்டத்துல இருக்கற இடங்களை இணைக்கற கோடு, வர்ற மாதிரி கேளுங்க. அரை மீட்டர் கோடு போதும்னு சொல்வாங்க, ஆனா நம்ம பக்கம் மொத்த சரிவே ஒன்னு ஒன்றரை மீட்டர்தான் இருக்கும்ங்கறதால அதுல ஒன்னும் புரியாது. உங்க சர்வே நம்பரோட எல்லை அளவைக் காட்டற எஃப்எம்பி ஸ்கெட்சையும் கிராம வரைபடத்தையும் சேத்து வச்சுப் பாருங்க, அதுல ஓடை, வாய்க்கால் புறம்போக்குன்னு கோடு இருந்தா இப்ப அங்க தண்ணி ஓடலைன்னாலும் அந்தக் கோடு மேல கட்டடம் போடக்கூடாது. அது சட்டத்துக்காக மட்டும் சொல்லல, பெரிய மழையில தண்ணி பழைய வழியைத்தான் தேடி வரும்.

அப்புறம் நேர்ல நடந்து பாருங்க. கோரை முளைச்சிருக்கற இடத்துல வருஷத்துல கொஞ்ச நாளாவது தண்ணி நிக்குதுன்னு அர்த்தம். பக்கத்து நிலத்து மோட்டார் கொட்டாய் செவுத்துல பழைய தண்ணிக் கறை இருக்கான்னு பாருங்க. 2015 மழைக்கும் 2024 ஃபெஞ்சலுக்கும் எது வரைக்கும் தண்ணி வந்துச்சுன்னு அங்க பயிர் வைக்கறவங்ககிட்ட கேட்டா கையைக் காட்டியே சொல்வாங்க, அந்த மட்டத்தை சர்வேயர்கிட்ட சொல்லி டிராயிங்ல ஏத்திடுங்க. கட்டடத்தோட தரைமட்டம் அதுக்கு மேல முக்கால் மீட்டராவது இருக்கணும்.

பொதுவா சொன்னா புரிய மாட்டேங்குது, ஒரு மனையை வச்சு கணக்கு போட்டுக் காட்ட முடியுமா?

சரி, கேப்பர் மலைப் பக்கம் செம்மண் நிலம்னு வச்சுக்குவோம். மேற்குப் பக்கம் ரோடு. ரோட்டோரம் வடக்கு தெற்கா 150 மீட்டர், உள்ள கிழக்க போறது 270 மீட்டர். பெருக்கினா 40,500 சதுர மீட்டர், அதாவது 10 ஏக்கர். ரோட்டுப் பக்கம் மேடு, கிழக்க போகப் போக மொத்தம் ஒன்றரை மீட்டர் இறங்குது, வடகிழக்கு மூலைதான் ரொம்பத் தாழ்வு. நம்ம பக்கத்துல நிறைய மனை இப்படித்தான் கடலைப் பாத்து சாஞ்சிருக்கும்.

இதை மேற்கிலேர்ந்து கிழக்க மூணு பட்டையா பிரிச்சுக்கங்க. ரோட்டை ஒட்டி முதல் 50 மீட்டர் கேட், பஸ், டூவீலர். அடுத்த 145 மீட்டர் கட்டடம். கடைசி 75 மீட்டர் தாழ்வான இடம், அதுல கட்டடமே கிடையாது, விளையாட்டு மைதானமும் குளமும் மட்டும்தான். அந்தப் பட்டை 75க்கு 150, அதுல 100க்கு 64 மீட்டர் ஃபுட்பால் கிரவுண்ட் வடக்கு தெற்கா கச்சிதமா உக்காந்துடும். கிரவுண்ட் வடக்கு தெற்கா இருந்தாத்தான் சாயந்திரம் ஆடறப்ப கோல்கீப்பர் கண்ணுல வெயில் அடிக்காது. மீதி 50க்கு 75 வடகிழக்கு மூலையில குளத்துக்கு.

நடுப்பட்டையில ஒவ்வொரு பிளாக்கும் 40 மீட்டர் நீளம், 11 மீட்டர் அகலம். கிழக்கு மேற்கா ஒரு வரிசைக்கு மூணு பிளாக், நடுவுல 12 மீட்டர் இடைவெளி, ஆக 144 மீட்டர். வடக்கு எல்லையிலேர்ந்து 12 மீட்டர் விட்டு முதல் வரிசை, அப்புறம் 28 மீட்டர் முற்றம், ரெண்டாவது வரிசை, இன்னொரு 28 மீட்டர் முற்றம், மூணாவது வரிசை. இது எல்லாம் போக தெற்க 49 மீட்டர் மிஞ்சும், அது கேன்டீன், ஹாஸ்டல், சர்வீஸ் ரோட்டுக்கு. மொத்தம் பிளாக் போட 9 இடம் கிடைக்குது. முதல் வருஷத்துல கட்டப் போறது அதுல ரெண்டே ரெண்டுதான்.

எத்தனை கிளாஸ்ரூம் வேணும்? அஞ்சு கோர்ஸ், ஒவ்வொண்ணுலயும் 60 பேர் எடுக்கறோம்.

மூணாவது வருஷம் 15 செக்‌ஷன், 900 பேர். செக்‌ஷனுக்கு ஒரு ரூம்னு 15 ரூம் சொல்லிடுவாங்க, அது தப்பில்ல, ஆனா எதனாலன்னு தெரிஞ்சு சொல்லணும். வாரத்துக்கு 30 பீரியட், அதுல 6 பீரியட் லேப், லைப்ரரின்னு போயிடுது, மீதி 24. 15ஐ 24ஆல பெருக்கினா 360, ஒரு ரூம் வாரத்துக்கு 30 பீரியட் கொடுக்கும், ஆக 12 ரூம் போதும்னு கணக்கு வரும். ஆனா அது எல்லா ரூமும் எல்லா பீரியடும் நெறஞ்சிருந்தாத்தான், அப்படி டைம்டேபிள் போட்டா ஒரு ரூம்ல ஃபேன் ரிப்பேர்னாலும் ஒரு கிளாஸ் மரத்தடியில நிக்கும். பத்துல எட்டு பீரியட் ஓடினாலே நல்ல பயன்பாடுன்னு வச்சுக்கிட்டா 15 வரும்.

60 பேருக்கு 9 மீட்டருக்கு ஏழரை மீட்டர் ரூம் சரியா இருக்கும், தலைக்கு ஒரு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல. 40 மீட்டர் பிளாக்ல இது நாலு ரூமும் ஒரு படிக்கட்டும். தரைத்தளம் பிளஸ் ரெண்டு மாடின்னா 12 ரூம். அது முதல் பிளாக். எதிர்ல ரெண்டாவது பிளாக்ல கீழ ஆபீஸும் லைப்ரரியும், முதல் மாடியில லேப், ரெண்டாவது மாடியில மிச்ச மூணு ரூம். பின்னாடி பத்து கோர்ஸ் ஆகி 1,800 பேர் வந்தாலும் லேப் எல்லாம் சேத்து அஞ்சு பிளாக்குக்குள்ள அடங்கிடும். அப்புறமும் நாலு இடம் காலியா இருக்கும், அது இன்னைக்கு நம்ம மனசுல இல்லாத ஏதோ ஒண்ணுக்கு.

அஃபிலியேஷன் கொடுக்கற யுனிவர்சிட்டியும், டெக்னிக்கல் கோர்ஸ்னா ஏஐசிடிஇயும் ரூம் அளவு, நிலத்துக்குன்னு தனி விதி வச்சிருக்காங்க, அது வருஷத்துக்கு வருஷம் மாறிக்கிட்டும் இருக்கு, அந்த வருஷத்துக் கையேட்டைப் பாத்துட்டுத்தான் அளவை லாக் பண்ணணும்.

கட்டடம் ரோட்டைப் பாத்து இருக்க வேண்டாமா? எல்லாரும் எலிவேஷன் ரோட்டுப் பக்கம்தானே வைக்கறாங்க?

இந்த மனையில ரோடு மேற்க. நீள முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பினா அத்தனை கிளாஸ்ரூமும் மத்தியானத்துக்கு மேல மேற்கு வெயில் வாங்கும். செவுரு சூடேறி சாயந்திரம் வரைக்கும் ஆறாது. மேற்கு வெயில் தாழ்வா நேரா அடிக்கறதால சன்ஷேட் எவ்வளவு நீட்டினாலும் தடுக்காது. அதனால நீளம் கிழக்கு மேற்கா ஓடணும், அகலமான முகம் வடக்கயும் தெற்கயும் பாக்கணும். ரோட்டுப் பக்கம் தெரியறது 11 மீட்டர் குறுகின முகம், அதுல படிக்கட்டு, ஸ்டோர் மாதிரி ஆள் உக்காராத ரூமை வச்சிடுங்க.

நம்ம ஊர் இருக்கறது ஏறக்குறைய 11.75 பாகை வடக்கு. மார்கழியில உச்சி வெயில் தெற்க 35 பாகை சாஞ்சு வரும், ஆனியில உச்சியைத் தாண்டி வடக்குப் பக்கம் 12 பாகை போயிடும். அதனால தெற்கு முகத்துக்கு ஆழமான நிழல் வேணும், வடக்குக்கு அறுபது சென்டிமீட்டர் சன்ஷேடே பெரும்பாலும் போதும். அந்த ஆழமான நிழலைத்தான் நான் வராண்டான்னு சொல்றேன், 2.4 மீட்டர் அகலம், ரூமுக்குத் தெற்க. இன்னொரு லாபமும் இருக்கு, வடகிழக்குப் பருவமழையில சாரல் பெரும்பாலும் வடக்கு, கிழக்குப் பக்கத்துலேர்ந்து வரும், தெற்கு வராண்டா ஓரளவு காஞ்சிருக்கும்.

புதுச்சேரியில அரவிந்தர் ஆசிரமத்தோட கோல்கொண்டே விடுதியை வெளியிலேர்ந்து ஒரு தடவை பாத்துட்டு வாங்க. 1930கள்ல அன்டோனின் ரேமண்ட் டிசைன் பண்ணது, ஜார்ஜ் நகாஷிமா இங்கேயே இருந்து கட்டட வேலையைப் பாத்துக்கிட்டார். நீள முகம் ரெண்டும் வடக்கு தெற்கா, முழுக்க திருப்பி மூடற பலகைகள், ஏசி இல்லாமலே காத்து உள்ள போயி வெளிய வரும். நம்ம ஊர் வெயிலுக்கு எந்தத் திசைன்னு அந்தக் கட்டடம் அப்பவே காட்டிடுச்சு.

கடல் காத்து மத்தியானம் வாக்குல தென்கிழக்குலேர்ந்து எழும்பும். வரிசையெல்லாம் கிழக்கு மேற்கா இருந்து கிழக்க மைதானமும் திறந்திருக்கறதால காத்து முற்றம் வழியா உள்ள ஓடும், 12 மீட்டர் இடைவெளி வழியா வரிசை தாண்டும். அந்த இடைவெளியை முழுசா அடைச்சு ரூம் கட்டிட்டா பின்வரிசைக்குக் காத்து போச்சு.

வாஸ்துப்படி சமையல்கட்டு தென்கிழக்குல வரணும்னு எங்க தாளாளர் சொல்றார்.

கேம்பஸோட தென்கிழக்கு மூலையில கேன்டீனை வச்சா கடல் காத்து அந்தப் புகையையும் தாளிப்பு வாசனையையும் நேரா கிளாஸுக்குத் தள்ளிட்டு வரும். கேன்டீனைத் தென்மேற்கு ஓரத்துல வச்சு, அந்தக் கட்டடத்துக்குள்ள அடுப்பு மட்டும் தென்கிழக்கு மூலையில வர்ற மாதிரி போட்டுக் கொடுத்தா பெரியவங்க பெரும்பாலும் ஒத்துக்கறாங்க. ஈசானிய மூலை தாழ்வா, தண்ணியோட இருக்கணும்னு சொல்றது இந்த மனைக்குக் குளத்தோட அப்படியே பொருந்துது, அதை எடுத்துச் சொன்னா பேச்சு இன்னும் சுலபமாகும்.

நடை தூரம் எவ்வளவு வரைக்கும் சரி? சின்ன கேம்பஸ்தானே, இதெல்லாம் பாக்கணுமா?

சின்ன கேம்பஸ்லதான் இதைக் கோட்டை விடறாங்க. ஆளு சாதாரணமா நிமிஷத்துக்கு 80 மீட்டர் நடப்பாங்க, ஆனா பெல் அடிச்சு அறுபது அறுபது பேரா வெளிய வர்றப்ப, பையும் ரெக்கார்டு நோட்டும் தூக்கிட்டு, கூட்டத்துல நடக்கறது 70தான் வச்சுக்கலாம். இதோட படிக்கட்டைச் சேத்துக்கங்க, ரெண்டு மாடி இறங்கி ரெண்டு மாடி ஏறக் கூட்டத்துல ரெண்டு நிமிஷம் ஆகும்.

நம்ம மனையில முதல் ரெண்டு வரிசை மட்டும் கட்டியிருக்கறப்ப ரொம்பத் தூரமான நடை, வடமேற்கு பிளாக்கோட மேற்கு முனையிலேர்ந்து ரெண்டாவது வரிசை கிழக்கு முனைக்கு. நீளவாக்குல 144, குறுக்க 39, ஆக 183 மீட்டர். நடக்க ரெண்டரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல, படிக்கட்டோட நாலரை அஞ்சு. மூணாவது வரிசையும் வந்துட்டா 222 மீட்டர், படிக்கட்டோட அஞ்சு நிமிஷம் தாண்டிடும். ரெண்டு கிளாஸுக்கு நடுவுல அஞ்சு நிமிஷம்தான்னா அப்ப லேட்டா வர்றவங்க கூடிடுவாங்க, அதனால மூணாவது வரிசைக்கு அடிக்கடி மாறாத விஷயத்தைக் கொடுங்க, ஆடிட்டோரியம், ரிசர்ச் லேப் மாதிரி. ஒரே நாள்ல நாலு தடவை போயிட்டு வர்ற லைப்ரரி, பொதுவான கிளாஸ், டாய்லெட் எல்லாம் நடுவுல.

தூரத்தை மீட்டர்ல மட்டும் பாக்காதீங்க. வைகாசி வெயில்ல நிழலில்லாத 100 மீட்டரும், நிழல்ல போற 200 மீட்டரும் ஒண்ணில்ல, பசங்க நிழல்ல சுத்திப் போறதையே எடுத்துக்குவாங்க. இந்த அமைப்புல வராண்டாவே நடைபாதை, கிழக்கு மேற்கா நடக்கறது எல்லாம் அதுலயே போயிடும், வரிசைக்கு வரிசை தாண்டற இடத்துல மட்டும் முற்றத்து மேல 28 மீட்டருக்கு ஒரு கூரை போட்டா போதும். கூரைப்பாதை அகலம் 3 மீட்டராவது இருக்கட்டும், சாரல் ரெண்டு பக்கமும் உள்ள அடிக்கும், குறுகலா போட்டா நடுவுலயும் நனையும்.

பிளான் தப்பா இருக்குன்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. கட்டி ரெண்டு வருஷத்துல புல்தரையில செம்மண் தடம் விழுந்திருக்கான்னு பாருங்க. விழுந்திருந்தா பாதையை நீங்க போட்ட இடத்துல ஜனங்க நடக்கலைன்னு அர்த்தம். வேலி போட்டுத் தடுக்காதீங்க, அந்தத் தடத்து மேலயே கல்லு பதிச்சிடுங்க.

முதல் பிளாக்கை கேட் பக்கத்துல போட்டா செலவு குறையுமே? உள்ள தள்ளிப் போட்டா ரோடு, கேபிள், பைப் எல்லாம் நீளுமே?

நீளும், உண்மைதான். ஆனா கேட் பக்கத்துல போட்டா ஒவ்வொரு புது பிளாக்கும் அதுக்குப் பின்னாடி பின்னாடின்னு போகும், நாலாவது பிளாக் வர்றப்ப ஆபீஸும் லைப்ரரியும் ஒரு கோடியில இருக்கும், பசங்க எல்லாம் இன்னொரு கோடியில. அப்புறம் லைப்ரரியை மாத்தணும்னு பேச்சு வரும், அது பைப் செலவை விடப் பெரிய செலவு.

அதனால முதல் ரெண்டு பிளாக்கும் நடுப்பத்தியில வரட்டும், ஒண்ணு முதல் வரிசை நடு, இன்னொண்ணு ரெண்டாவது வரிசை நடு, ஒண்ணை ஒண்ணு பாத்து, நடுவுல 28 மீட்டர் முற்றம். அடுத்தடுத்தது ரெண்டு பக்கமும் முளைக்கும், நடு எப்பவும் நடுவாவே இருக்கும். முதல் நாள்லயே முழுசான ஒரு இடம் மாதிரியும் இருக்கும், ரெண்டு கட்டடமும் ஒரு முற்றமும் இருந்தாலே காலேஜ்னு தோணிடுது.

ரெண்டாவது கட்டத்துல கிழக்குப் பத்தியை முதல்ல எடுங்க. மேற்குப் பத்தி கேட்டுக்கும் நடுவுக்கும் இடையில இருக்கறதால அங்க ஜல்லி லாரி வந்து நின்னா தினமும் 900 பேர் அதைச் சுத்திப் போகணும். தெற்கு எல்லையை ஒட்டி ஒரு சர்வீஸ் ரோடு முதல் வருஷமே போட்டுடுங்க, லாரி, கான்கிரீட் மிக்ஸர், தீயணைப்பு வண்டி எல்லாம் அது வழியா கிழக்க போயிடும், நடைபாதையில வண்டியே வராது.

மேல மாடி ஏத்தறது நல்லதா, பக்கத்துல புது பிளாக் கட்டறது நல்லதா?

10 ஏக்கர் இருக்கறப்ப பக்கத்துல கட்டறதுதான் என் அபிப்பிராயம். மேல ஏத்தணும்னா கீழ கிளாஸ் நடக்கறப்ப சென்டரிங் அடிக்கணும், சத்தம் தாங்காது. மொட்டை மாடி தட்டோடு, சுருக்கி எல்லாம் உடைக்கணும், அந்த ஒரு மழை சீசன் முழுக்க கீழ ஒழுகும்.

இன்னொண்ணு நம்ம கடற்கரைக்கே உள்ள பிரச்சனை. பின்னாடி மாடி ஏத்தலாம்னு தூண் கம்பியை மொட்டை மாடியில நீட்டி விட்டுட்டு வந்துடறாங்க. உப்புக் காத்துல அது சில வருஷத்துலயே துரு ஏறி, உரிச்சா செதில் செதிலா வரும். துரு தூணுக்குள்ளயும் இறங்கி கான்கிரீட்டை வெடிக்க வைக்கும், அப்புறம் அந்தக் கம்பியில புதுக் கம்பியை சேக்க எந்த இன்ஜினியரும் துணிய மாட்டார். நிஜமாவே ஏத்தப் போறீங்கன்னா நீட்டின கம்பியைச் சுத்தி சிமென்ட் கம்மியா போட்ட கான்கிரீட்டால முழுசா மூடி வைங்க, பின்னாடி உடைச்சு எடுத்துக்கலாம். கையில காசு இல்லாம முதல் மாடியோட நிறுத்தறீங்கன்னாலும் அஸ்திவாரமும் தூணும் ரெண்டு மாடிக்கே டிசைன் பண்ணிடுங்க, பின்னாடி அஸ்திவாரத்தைப் பலப்படுத்தற வேலையோட ஒப்பிட்டா அந்தக் கூடுதல் செலவு கொஞ்சம்தான்.

பக்கத்துல கட்டறதுக்கும் முதல் நாளே வேலை இருக்கு. கான்கிரீட் கட்டடத்துக்கான ஐஎஸ் 456 விதிப்படி 45 மீட்டருக்கு மேல நீளம் போனா, வெயில்ல கட்டடம் விரிய இடம் விடற எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் வரணும், பிளாக் 40 மீட்டர்ங்கறதால ஒவ்வொண்ணும் தனித் தனிக் கட்டடமா நிக்கும். 12 மீட்டர் இடைவெளியில பாதி அகலத்துக்கு படிக்கட்டு, டாய்லெட், லிஃப்ட் வர்ற இணைப்புக் கட்டடம், பாதி காத்துக்கு. இந்த இணைப்பு முதல் பிளாக்கோடவே கட்டப்படும், அதே வரிசையில பக்கத்து பிளாக் வந்தா அதே படிக்கட்டையும் டாய்லெட்டையும் அதுவும் பயன்படுத்தும். வராண்டா முடியற இடத்துல பீம் இல்லாம வெறும் செங்கல் கைப்பிடிச் சுவர் மட்டும் கட்டி வைங்க, புது பிளாக் வர்றப்ப அதை ஒரே நாள்ல எடுத்துட்டு நடந்து போயிடலாம். தரைமட்டத்தையும் சரியா அதே அளவுல எழுதி வைங்க, பத்து சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தாலும் அந்த இடத்துல ஒரு படி வந்துடும், வீல்சேர் அங்கேயே நின்னுடும்.

குளம் வெட்டினா மழைத் தண்ணியெல்லாம் அதுல அடங்கிடுமா?

சாதாரண பெரிய மழை அடங்கும், புயல் மழை அடங்காது, ரெண்டையும் தனித் தனியா பாக்கணும். ஒரு நாள்ல 10 சென்டிமீட்டர் மழைன்னா 10 ஏக்கர்ல விழறது 4,000 கன மீட்டருக்குக் கொஞ்சம் மேல. செம்மண் பாதியைக் குடிச்சிடும்னு வச்சாலும் 2,000 வழிஞ்சு வரும். மூலையில மேல் அகலம் 40க்கு 40, ஆழம் 2 மீட்டர், கரை சரிவா வெட்டின குளம் ஏறக்குறைய 2,400 கன மீட்டர் பிடிக்கும், காலியா இருந்தா போதும்.

ஆனா 2024 ஃபெஞ்சல் புயல்ல புதுச்சேரியில 24 மணி நேரத்துல 48 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டுச்சு. அதே மழை இந்த மனையில விழுந்தா 19,400 கன மீட்டர், கிட்டத்தட்ட 2 கோடி லிட்டர், அந்த நேரத்துல மண்ணு ஏற்கனவே ஊறிப் போயிருக்கும், ஒண்ணும் குடிக்காது. எந்தக் குளமும் அதைப் பிடிக்காது. அதுக்காகத்தான் மைதானத்தைச் சுத்துப்புறத்தை விட அரை மீட்டர் தாழ்வா வைக்கச் சொல்றேன், அது இன்னொரு 3,200 கன மீட்டர் பிடிச்சு மெதுவா விடும். அதுக்கு மேல வர்றது கலங்கல் வழியா வெளிய இருக்கற வாய்க்காலுக்குப் போகணும், அந்த வாய்க்கால் உங்க எல்லைக்கு வெளிய தூர்ந்து கிடந்தா தண்ணி திரும்பி உங்ககிட்டயே நிக்கும், அதனால புரட்டாசியிலயே அதைப் போய்ப் பாத்து சம்பந்தப்பட்டவங்ககிட்ட மனு கொடுத்துத் தூர்வார வைங்க.

சுத்து மதில் விஷயத்துல நிறைய இடத்துல கெட்டுப் போகுது. தாழ்வான பக்கத்துல ஓட்டை இல்லாம மதில் எழுப்பிட்டா அது அணை மாதிரி தண்ணியைத் தேக்கும், ஒரு கட்டத்துல மதிலே சாஞ்சிடும். கிழக்கு மதில்ல கீழ கம்பி போட்ட திறப்பு விட்டுக் கட்டணும். அதே மாதிரி மேட்டுப் பக்கத்து நிலத்துத் தண்ணி உங்க மனை வழியா வர்றதா இருந்தா அதுக்கும் வழி விடணும். செம்மண் கரைஞ்சு வரும்ங்கறதால குளத்துக்கு முன்னாடி வண்டல் தங்கற ஒரு சின்னத் தொட்டி வேணும், வருஷா வருஷம் அதை வாரினா குளம் தூராது.

முற்றத்துக்கு 28 மீட்டர் எதுக்கு? சும்மா கிடக்கற இடம்தானே, பின்னாடி அதுல ஒரு லேப் கட்டிக்கலாமே?

இந்த ஒரு கேள்வியாலதான் நிறைய கேம்பஸ் மூச்சு முட்டிப் போச்சு. முற்றம்தான் ரெண்டு பக்கத்து ரூமுக்கும் வெளிச்சம், காத்து. 11 மீட்டர் உயரக் கட்டடத்துக்கு எதிர்ல கட்டடம் வர்றப்ப குறைஞ்சது அதே உயரம் அளவுக்காவது தள்ளி இருக்கணும், ஆனா 11 மீட்டர்ல எதிர் கிளாஸ்ல வாத்தியார் பேசறது இங்க கேக்கும். 28ல சத்தம் அடங்கும், நடுவுல ரெண்டு வரிசை மரம் நிக்கும், 900 பேர் அசெம்பிளிக்கும் இடம் இருக்கும். 50 மீட்டர்னு இன்னும் விட்டா நடை நீளும், வெயில் மைதானமா ஆயிடும்.

அதனால திறந்த இடத்துக்கு வேலையும் பேரும் கொடுத்துடுங்க. இது அசெம்பிளி முற்றம், இது லைப்ரரி முற்றம்னு டிராயிங்ல எழுதுங்க. பேர் இல்லாத இடத்துலதான் முதல்ல ஜெனரேட்டர் ஷெட்டு வரும், அப்புறம் ஜெராக்ஸ் கடை, அப்புறம் தகரக் கொட்டகையில ஒரு லேப். விரிவுக்குன்னு ஒதுக்கின நாலு இடத்தையும் அதே மாதிரி பேர் போட்டுக் குறிச்சிடுங்க, அப்பத்தான் கட்டறவங்க அங்க போவாங்க.

மரம் என்ன வைக்கலாம்? தானே புயல்ல எல்லாம் விழுந்ததைப் பாத்திருக்கோம்.

2011 டிசம்பர் 30 தானே கரையேறினப்ப நம்ம மாவட்டத்துல முந்திரியும் பலாவும் எப்படி அழிஞ்சுதுன்னு இங்க யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல. பாதை ஓரம் தூங்குமூஞ்சி, குல்மொகர் வேண்டாம், வேகமா வளந்து அழகா இருக்கும், கிளை ஒடிஞ்சு விழும். வேம்பு, புங்கை, பூவரசு, புன்னை வைங்க, குளத்தங்கரையில மருதம், நாவல். கட்டடத்துலேர்ந்து 5 மீட்டராவது தள்ளி, மரத்துக்கு மரம் 8 மீட்டர். ஐப்பசிக்கு முன்னாடி காஞ்ச கிளையைக் கழிச்சு விடணும், காத்து ஊடுருவிப் போற மாதிரி.

முக்கியமா, பத்து வருஷம் கழிச்சு வரப் போற பாதைக்கும் மரத்தை இப்பவே நட்டுடுங்க. கட்டடத்தை எட்டு மாசத்துல கட்டிடலாம், புங்கை நிழலுக்கு எட்டு வருஷமாவது ஆகும்.

பஸ், டூவீலருக்கு எவ்வளவு விடணும்?

காலேஜ் பஸ் திரும்ப 25 மீட்டர் வட்டம் வேணும், முன்னாடி 50 மீட்டர் பட்டையில தாராளமா திரும்பும். ஆளை ஏத்தறது எறக்கறது உள்ளதான், ரோட்டுல நிறுத்தவே கூடாது, சாயந்திரம் பண்ருட்டி பக்கமோ புதுச்சேரி பக்கமோ போற வண்டியெல்லாம் அதுல மாட்டும். டூவீலருக்கு வழியோட சேத்து 3 சதுர மீட்டர், 400 வண்டிக்கு 1,200. பார்க்கிங் அங்கேயே முடிஞ்சிடணும், உள்ள வண்டி வரக்கூடாது.

மாடிக்கு லிஃப்ட் கட்டாயமா? ராம்ப் எவ்வளவு நீளம் வரும்?

ராம்ப் ஒண்ணுக்குப் பன்னெண்டு சரிவு, தரைமட்டம் முக்கால் மீட்டர் உயரம்னா 9 மீட்டர் நீளம். மனை சரிவா இருக்கறதால மேட்டுப் பக்கத்துலேர்ந்து வராண்டாவுக்கு ஏறினா அதை விடக் குறையும், அதனால பிரதான நுழைவை மேற்குப் பக்கம் வைங்க. லிஃப்ட் ஒண்ணு இணைப்புக் கட்டடத்துல இருந்தா ரெண்டு பிளாக்குக்கும் ஆகும், இப்ப காசு இல்லைன்னாலும் குழியும் செவுரும் கட்டி வச்சுடுங்க.

புதுச்சேரியில எங்களுக்கு 4 ஏக்கர்தான் இருக்கு. இதே பிளான் ஆகுமா?

முறை ஆகும், அளவு ஆகாது. மைதானத்தை விட்டுடுங்க, பக்கத்துல ஒரு கிரவுண்டை ஏற்பாடு பண்ணிக்கங்க, வாலிபால், பேட்மின்டன் கோர்ட் மட்டும் உள்ள. ரெண்டு வரிசை, ஒரே முற்றம் 20 மீட்டர், வரிசைக்கு ரெண்டு பிளாக். அங்க விரிவுங்கறது மேல ஏத்தறதுதான், அதனால அஸ்திவாரம் முதல்லயே மூணு மாடிக்குப் போடணும், மேல சொன்ன கம்பி விஷயம் உங்களுக்குத்தான் ரொம்ப முக்கியம். கடல், கழிமுகம் பக்கத்துல மனை இருந்தா கடலோரக் கட்டுப்பாட்டு மண்டலமான சிஆர்இசட் எல்லைக்குள்ள வருதான்னு அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடியே பாருங்க.

பிளான் போட்டுக் கொடுத்தவர் போயிட்டா, பத்து வருஷம் கழிச்சு கட்டறவங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

ஒரே ஒரு டிராயிங் போதும், பெரிய சைஸ்ல பிரின்ட் எடுத்து தாளாளர் ரூம்லயும் மெயின்டனன்ஸ் ரூம்லயும் மாட்டிடுங்க. அதுல பூமிக்கடியில போற கேபிள், தண்ணி பைப், செப்டிக் டேங்க், போர்வெல் எல்லாம் நிஜமா எங்க போச்சோ அங்க குறிச்சிருக்கணும், பிளான்ல போட்ட இடத்துல இல்ல. அந்த 9 இடத்துக்கும் மைதானத்துக்கும் அடியில எதுவும் போகக் கூடாது, எல்லா பைப்பும் பாதைக்கு ஓரமா போகணும், புது பிளாக்குக்குன்னு பாதை ஓரத்துலயே வால்வு போட்டு அடைச்ச இணைப்பு ஒண்ணு விட்டு வைங்க. தரைமட்டத்துக்கு ஒரு நிலையான பெஞ்ச்மார்க் கல்லு முதல் பிளாக் முன்னாடி பதிச்சு அதோட மட்டத்தை டிராயிங்ல எழுதுங்க. ஒவ்வொரு கட்டம் முடிஞ்சதும் அந்த டிராயிங்கைத் திருத்தி தேதி போட்டு மாட்டணும், அதை முடிக்காம கான்ட்ராக்டருக்குக் கடைசி பில் பாஸ் பண்ணாதீங்க.